அக்காவின் மொட்டையும் டீல் நிறமும்

திரையில் அக்காவின் முகம் பழுத்த மாம்பழம்போல ஜொலித்தது. நெற்றிக்கு மேலே மண்டை முழுக்க மயில்கழுத்து நிறம். மாம்பழத்தின் தலையில் யாரோ பூசணிக்காயைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்து அக்கா மோர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். உறிஞ்சுகிற சத்தம் நின்றது.

"இன்னாப்பா இது," என்றார். "எந்தலைக்குப் பாசி புட்சிக்கினு கீது."

நான் திரும்பவில்லை. எங்கள் தொழிலில் தப்பு நடந்தால் திரும்பக் கூடாது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எதிரே மேஜையில் நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைகளில் ஏதாவது ஒன்றை மெதுவாக உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். எதிராளி அதை யோசனை என்று நினைத்துக்கொள்வார். நான் உருட்டிக்கொண்டிருந்த உருளை அந்தப் படத்தோடு இணைக்கப்படவே இல்லை.

"லோடாவுதுக்கா," என்றேன்.

"எத்த வெச்சு லோடாவுது? பாசியா?"

திருப்பதியில் ஒரு மாடியறையில் கலர் கிரேடிங் செய்கிறேன். விளம்பரப் படங்களை எடுத்து, வெட்டி, ஒட்டி முடித்த பிறகு என்னிடம் வரும். நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்து, எல்லாப் படமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போலத் தெரியும்படி அனுப்புவேன். கண்ணை ஏமாற்றாமல் இருக்க அறைச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். வீட்டுக்காரர் வரும்போதெல்லாம், பெயின்டர் பாதியில் ஓடிவிட்டானா என்று தெலுங்கில் கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். விளக்கினால் வாடகையை ஏற்றிவிடுவாரோ என்று பயம்.

அக்கா சித்தூர்க்காரர். செக்கில் ஆட்டிய கடலையெண்ணெய் வியாபாரம். தன் விளம்பரத்தில் தானே வருவார். பித்தளைக் குண்டானில் எண்ணெயை ஊற்றிக்காட்டி, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "எங்கூட்ல இதான்" என்பார். அவ்வளவுதான் வசனம். நடிக்கத் தெரியாது என்பதே அவருடைய நடிப்பு. கடைக்கு வருகிறவர்கள் அவர் மாதிரியே நாக்கை நீட்டிக்காட்டிவிட்டு டின் வாங்கிப் போவார்கள்.

இந்தமுறை ஐந்து படங்கள். சென்னை ஏஜென்சி ஒன்று பொறுப்பேற்றிருந்தது. அவர்கள் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார்கள். அதில் இருந்த எல்லாவற்றையும் பிழிந்தால் இரண்டு சொற்கள் வரும்: டீல் அண்ட் ஆரஞ்ச், லோ கீ. ஐந்து படத்துக்கும் இதே மூட், இம்மியும் மாறக் கூடாது.

இந்தச் சொற்களோடு எனக்குப் பகை இல்லை. டீல் என்பது நீலமும் பச்சையும் சண்டைபோட்டு ராசியான நிறம். பக்கத்து ஊரான நகரியின் தறிக்காரர்கள் அதைத்தான் மயில்கழுத்து என்பார்கள். அதற்கு நேர் எதிர் நிறம் ஆரஞ்சு. மனிதத் தோல், கறுப்போ சிவப்போ, ஆரஞ்சின் பக்கத்தில்தான் விழும். ஆகவே படத்தின் நிழலையெல்லாம் மயில்கழுத்துக்குத் தள்ளிவிட்டு, தோலை மட்டும் ஆரஞ்சில் காப்பாற்றினால் ஆள் பின்னணியைவிட்டுப் பிதுங்கிக்கொண்டு முன்னால் வருவார். லோ கீ என்றால் படத்தில் பெரும்பகுதி இருட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம். ஹை கீ அதற்கு எதிர். எங்கும் வெளிச்சம், நிழலே இல்லாத வெள்ளை உலகம். சோப்பு விளம்பரத்துக் குழந்தைகள் அங்கேதான் வசிக்கின்றன.

முதல் மூன்று படங்களுக்கு இந்தச் சொற்கள் சொன்னபடி கேட்டன. ஏஜென்சி பார்த்து, அப்ரூவ்ட் என்று பச்சை டிக் போட்டு அனுப்பியது. நான்காவதையும் ஐந்தாவதையும் எடுப்பதை ஏஜென்சி தள்ளிப்போட்டது. அக்காவோ தள்ளிப்போடவில்லை. குறித்த நாளில் மலையேறி முடி காணிக்கை கொடுத்துவிட்டு இறங்கினார். என்ன வேண்டுதல் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் படமெடுக்கிறவர்கள் தேதி குறிக்கும்போதே, "நடுவுல மலைக்குப் போற வேலை கீதா?" என்று கேட்டுவிடுவோம். இங்கே தொழில் செய்வதற்கு அதுதான் முதல் பாடம். சென்னைக்காரர்களுக்கு அது தெரியாது. படப்பிடிப்பன்று அக்கா சந்தனமெல்லாம் கழுவிய மொட்டைத் தலையோடு வந்து நின்றபோது, ஏஜென்சித் தம்பி ஒரு நிமிஷம் வாய் திறந்து நின்றுவிட்டு, "பரவால்ல, கிரேடிங்ல பாத்துக்கலாம்" என்றாராம்.

கிரேடிங் என்பது நான்.

நானும் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது படத்தின் நிறக்கணக்கை அப்படியே நகலெடுத்து நான்காவதில் ஒட்டினேன். ஒட்டியபோது அக்கா பின்னால் இருந்தார். மோர் நின்றது அப்போதுதான்.

அக்காவைக் கீழே அனுப்பி, நல்ல காபி ஒன்று குடித்துவிட்டு வரச் சொன்னேன். கதவைச் சாத்தியதும் என் வீரம் கீழே உட்கார்ந்துவிட்டது. ஏன் தலை மட்டும் டீலில் விழுகிறது? நெற்றியும் தோல்தான், மண்டையும் தோல்தானே? கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே பாதி வழுக்கை. போனில் என் மண்டையைப் படமெடுத்து, அதே கணக்கை அதன்மேல் போட்டுப் பார்த்தேன். என் வழுக்கை முழுசாக, சந்தோஷமாக, ஆரஞ்சில் போய் உட்கார்ந்தது. அப்போதுதான் புரிந்தது. வழுக்கை வேறு, மொட்டை வேறு. வழுக்கையில் தோல் மட்டும்தான். மொட்டையில் தோலுக்கடியில் வெட்டுப்பட்ட முடியின் கறுப்பு மிச்சமிருக்கும், அது மேலே சாம்பல் நீலமாகத் தெரியும். தோலைக் காப்பாற்று என்று நான் சொன்ன கட்டளைக்கு அது தோலாகத் தெரியவில்லை. நிழல் என்று நினைத்துக் கணினி அதை டீலோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. என் வழுக்கை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலைக்கு உதவியது.

காரணம் தெரிந்ததும் சரியாகிவிடும் என்று நினைக்கிறவன் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது. ஏஜென்சித் தம்பிக்கு போன் செய்தேன்.

"சார், தலையை டார்க் பண்ணிடுங்க," என்றார். "லோ கீதானே, இருட்டுல போயிடும்."

செய்தேன். தலையைச் சுற்றி முட்டைவடிவத்தில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் வெளிச்சத்தை இறக்கினேன். தலை பின்னணி இருட்டில் கரைந்துபோனது. முகம் மட்டும் மிச்சம். மண்டையில்லாத ஒரு முகம் காற்றில் மிதந்துகொண்டு, நாக்கை நீட்டி, "எங்கூட்ல இதான்" என்றது. அக்கா தலையை ஆட்டியதும் வட்டம் பின்தொடராமல் நழுவி, ஒரு காதைக் கடித்துத் தின்றது. நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"அப்ப இந்த ரெண்டையும் ஹை கீ ஆக்கிடுங்க சார். எல்லாமே ப்ரைட்டா இருந்தா தலை தனியாத் தெரியாது."

"தம்பி, ஹை கீ விளக்கு வைக்கும்போதே ஆகணும். நீங்க எடுத்தது ஒத்தை விளக்குல. இருட்டா எடுத்ததை இங்க மேல தூக்கினா வெளிச்சம் வராது, குப்பைதான் வரும்."

"ட்ரை பண்ணுங்க சார்."

ட்ரை பண்ணினேன். நிழலிலிருந்து எறும்புப் புற்று கிளம்பியது. சுவர் முழுக்கப் புள்ளிகள் கொதித்தன. அக்கா எறும்பு மொய்த்த எண்ணெயை ருசி பார்த்தார். அப்படியே சரியாக வந்திருந்தாலும் மூன்று படம் இருட்டு, இரண்டு படம் வெள்ளை. ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யார் சொல்வது?

தம்பி குரலை இறக்கிச் சொன்னார். "சார், ஓப்பனாச் சொல்றேன். எங்க ஆபீஸ்ல ஏற்கனவே பேசியாச்சு. மூட் ப்ரேக் ஆகுதுன்னா நாலையும் அஞ்சையும் ஒரு மாடல வச்சு இங்கயே எடுத்துடுவோம். மேடம் மூணு படத்தோட போதும். வெள்ளிக்கிழமை நான் வரேன். மேட்ச் ஆனா சரி. ஆகலைன்னா அன்னிக்கே மேடத்துகிட்ட சொல்லிடலாம்."

வெள்ளிக்கிழமை நாளை மறுநாள்.

போனை வைத்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் மாத வேலையில் பாதி அந்த ஏஜென்சி கொடுப்பது. மாடல் வரட்டும், நமக்கென்ன, நிறம் பூசுகிறவன் நிறம் பூசுவோம் என்று ஒரு மனம் சொன்னது. அந்த மனத்தை நான் நன்றாக அறிவேன். நல்ல மனம், வாடகை கொடுக்கிற மனம்.

அக்கா காபி குடித்துவிட்டு மூச்சிரைக்க மாடியேறி வந்தார். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன்.

அக்கா சோபாவில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தலையை மூடிக்கினு எடுக்கலாமான்னு அன்னிக்கே ஒரு பொண்ணு கேட்டுது," என்றார். "டோப்பா வெக்கலாமான்னு கேட்டுது. சாமிக்குக் குட்த்துட்டு, கடைல வாங்கி ஒட்டிக்கினு நிக்கறதா? நான் முடியாதுன்னுட்டேன். இப்ப எனுக்குப் பதிலா ஒருத்திய நிறுத்துவானா? அவ நாக்குல வெச்சு எங்கூட்ல இதான்னு சொல்லுவாளா? எவ ஊட்ல?"

"அவங்க சொல்றது மூடுக்கா. அஞ்சு படமும் ஒரே மாதிரி இருக்கணுமாம்."

"நான் ஒரே மாதிரிதானப்பா கீறேன். மயிருதான் இல்ல." ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "உன்னால ஆவுமா, ஆவாதா? ஆவாதுன்னா இப்பவே செப்பு. நான் பஸ்ஸப் புடிக்கணும்."

"ஆவும்," என்றேன்.

எப்படி என்று எனக்குத் தெரியாது. வாய் முந்திக்கொண்டது. என் வாழ்க்கையின் பெரிய முடிவுகளையெல்லாம் என் வாய்தான் எடுத்திருக்கிறது. நான் தகவலுக்காகக் கூட இருப்பேன்.

மறுநாள் காலையில் பூசிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கேமராவில் வந்த படத்தை அப்படியே பார்த்தேன். பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வந்தது, முக்கியமாக என்மேல். படம் நன்றாக இருந்தது. இடதுபக்கத்து ஒற்றை விளக்கின் வெளிச்சம் அந்த மொட்டைத் தலையில் வழுக்கிக்கொண்டு இறங்கி, புருவத்தில் நின்று, கன்னத்துக்குத் தாவியது. கூந்தலாக இருந்திருந்தால் அந்த வெளிச்சத்தை அது குடித்திருக்கும். இதைவிட லோ கீ எங்கே கிடைக்கும்? இருட்டும் இருக்கிறது, அதற்குள் ஒரே ஒரு வெளிச்சமான உருண்டையும் இருக்கிறது. நான்தான் குறிப்பில் இருந்த சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

தலையைப் படங்களோடு பொருத்து என்றார்கள். படங்களைத் தலையோடு பொருத்தினால் என்ன?

நிழலெல்லாம் டீல் என்ற கணக்கைத் தூக்கியெறிந்தேன். படமெடுத்த செக்குக் கொட்டகையின் பின்சுவர் ஏற்கனவே நீல டிஸ்டெம்பர். அந்தச் சுவரை மட்டும் தனியாகப் பிடித்து, டீலுக்குத் தள்ளி, இருட்டினேன். நிழல் நிழலாகவே, கறுப்பாகவே இருக்கட்டும். எங்களிடம் வெக்டர்ஸ்கோப் என்று ஒரு வட்ட வரைபடம் இருக்கிறது. அதில் தோலுக்கென்று ஒரு சாய்ந்த கோடு. எந்த நிறத்து மனிதரும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழுவார். அக்காவின் தலையில் இருந்த சாம்பல் நீலத்தைக் கொஞ்சமாகக் கோட்டின் பக்கம் நகர்த்தினேன். கொஞ்சம்தான். முழுசாக நகர்த்தினால் மொட்டை என் வழுக்கை மாதிரி ஆகிவிடும். அக்காவுக்கு அந்த அவமானம் வேண்டாம்.

பிறகு, முதல் மூன்று படங்களைத் திறந்தேன்.

அந்த இடத்தில் என் கை நின்றது என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்ரூவ் ஆன படத்தைத் தொடுவது எங்கள் தொழிலில் தாலி கட்டி முடித்த பிறகு மாப்பிள்ளையை மாற்றுவது மாதிரி. நாற்காலியைவிட்டு எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மனைவிக்கு போன் செய்து, ஒருவேளை என் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"இன்னா செய்வ, ஊட்ல கீறதத் துன்னுட்டு படுப்ப. எங்கம்மா வந்துகீறாங்க, போன வை," என்றாள்.

அதற்குமேல் பயப்பட யாரும் கூட இல்லாததால் தொட்டேன். மூன்றிலும் அக்காவின் கூந்தலில் ஏறியிருந்த டீலை இறக்கி, அதைக் கறுப்பாக்கினேன். பின்சுவரை மட்டும் டீலில் வைத்தேன். கூந்தல் இருந்ததால் அந்தப் படங்களில் வெளிச்சத்துக்கு உருண்டை இல்லை. பித்தளைக் குண்டான் இருந்தது. அதன் வளைவில் விழுந்த வெளிச்சத்தைத் தனியாகப் பிடித்து, மற்ற இரண்டிலும் தலை எந்த அளவு பிரகாசமோ அந்த அளவுக்கு ஏற்றினேன். எண்ணெயின் நிறத்தை மட்டும் தொடவில்லை. முதல் படத்தின்போதே அதை ஆரஞ்சில் தள்ளப்போய், "இது மூணுவாட்டி பஜ்ஜி போட்ட எண்ண மாரி கீதே" என்று அக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவன் நான்.

ஐந்தையும் வரிசையாக ஓட்டிப்பார்த்தேன். ஒவ்வொன்றிலும் சுற்றி இருட்டு. தூரத்தில் மங்கலாக மயில்கழுத்து. நடுவில் பொன்போல ஏதோ ஒரு வளைவு. கண் நேராக அங்கே போய், அங்கிருந்து முகத்துக்கு வருகிறது. பிள்ளைகள் ஒரே வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை தம்பி காரில் வந்தார். வடமாலபேட்டையில் லாரிகள் மறித்துக்கொண்டதால் தாமதம், பசி, எரிச்சல். அக்கா முன்னாடியே வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்திருந்ததால் தம்பி ஓரத்தில் பாதி உட்கார்ந்தார். நான் பயத்தில் வரிசையை ஓட்டிவிட்டேன், சத்தம் வைக்க மறந்துவிட்டேன். அக்கா ஐந்துமுறை ஊமையாக நாக்கை நீட்டினார். யாரும் சத்தம் கேட்கவில்லையே என்று சொல்லாததால் நானும் வேண்டுமென்றே செய்தவன்போல இருந்துகொண்டேன்.

தம்பி முன்னால் குனிந்தார். "சார், முதல் மூணு மாறியிருக்கே."

"மாத்தினேன்."

"அது அப்ரூவ் ஆனது."

"தெரியும்."

"ஷேடோல டீல் இல்லயே. டாகுமென்ட்ல டீல் அண்ட் ஆரஞ்ச்னு தெளிவா இருக்கு."

"டீல் சுவர்ல இருக்கு. மனுஷங்க மேல இல்ல."

"சார், நாலை மூணோட மேட்ச் பண்ணச் சொன்னேன். நீங்க மூணை நாலோட மேட்ச் பண்ணியிருக்கீங்க."

"ஆமா. அஞ்சும் ஒண்ணா இருக்கா, இல்லயா? அதச் சொல்லுங்க."

பழைய மூன்றையும் புதிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். பிறகு நகலெடுத்து ஒட்டிய நான்காவதையும் போட்டேன், பாசி படிந்த தலையோடு. தம்பி சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று உதட்டை மடித்தும் முடியவில்லை.

"சிரிப்பா சிரி நைனா," என்றார் அக்கா. "அதான் உன் கடுதாசில கீற கலரு. நான் அப்பிடி நின்னா ஜனம் எண்ண வாங்குமா, வைத்தியருக்கு வழி சொல்லுமா?"

"மேடம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்களுக்கு மாடல் ஆப்ஷன்..."

"மாடலு வாணாம்." அக்கா குரலை உயர்த்தவில்லை. "வெச்சா, உங்க எண்ணைக்கு வெச்சிக்கோ. என் எண்ணைக்கு நான் நிப்பேன். இதுவே போவட்டும்."

தம்பி கடைசியாக ஒருமுறை முயன்றார். அடுத்து எடுக்கப்போகும் படங்களையாவது முடி வளர்ந்த பிறகு, நாலைந்து மாதம் கழித்து எடுக்கலாமே என்றார். அப்போது பழைய மூடுக்கே திரும்பிவிடலாமாம்.

"வர்ற வாரம் எடுக்கலாம்," என்றார் அக்கா. "கடல அப்பத்தான் செக்குக்கு வருது. முடிக்காவ கடல காத்துக்கினு இருக்குமா?"

"அரை அங்குலம் வளர்ந்திருக்குமே மேடம். மறுபடி கன்டினியூட்டி..."

"வளர்ந்தா வளரட்டும்," என்று குறுக்கே பேசியது நான்தான். வாய் மறுபடியும் என்னைக் கேட்கவில்லை. "எவ்வளவு வளர்ந்தாலும் பாத்துக்கறேன். அதுக்குத் தகுந்த வெளிச்சத்த மட்டும் வச்சுக் குடுங்க, இங்க வந்து பாத்துக்கலாம்னு விடாதீங்க."

சொல்லி முடித்ததும் திரையின் பக்கம் திரும்பி உருளை ஒன்றை உருட்டினேன். இந்தமுறை அது படத்தோடு இணைந்திருந்தது.

தம்பி பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தார். அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களும் கேட்பார்கள், அவர் என்ன செய்வார் பாவம்.

"சரி சார். குறிப்பை மாத்தணும். இந்த மூடுக்கு என்ன பேர் போடறது? டீல் அண்ட் ஆரஞ்ச் இல்லன்னு ஆயிடுச்சு. லோ கீன்னு மட்டும் போட்டாப் பத்தாது, வேற எவனாவது செஞ்சா மறுபடி தலையை இருட்டுல போட்டுடுவான்."

"நான் சொல்றேன், எழுதுங்க," என்றேன். "சுத்தி இருட்டு. பின்னாடி மயில்கழுத்து. நடுவுல அக்கா."

அவர் விரல்கள் ஆங்கிலத்தில் தொடங்கின.

"இங்கிலீஷ்ல வேணாம் தம்பி. நான் சொன்ன மாதிரியே."

"ஆபீஸ்ல புரியாது சார்."

"புரியலன்னா போன் பண்ணுவாங்க இல்ல," என்றார் அக்கா. "எடுத்துச் சொல்லு."

தம்பி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு லேப்டாப்பில் தமிழ் எழுத்துக்கு மாற்றும் வழியைத் தேட ஆரம்பித்தார்.